சம்பாதிச்ச பணம், கைக்கு வராத பணம்: ஆப் ஸ்டோரின் முதல் வருஷம்

2008 ஜூலை 10. ஆப்பிள் தன்னோட ஆப் ஸ்டோரைத் திறந்த நாள். விலையில 70 சதவீதம் டெவலப்பருக்கு, 30 சதவீதம் ஆப்பிளுக்கு. இந்தக் கணக்கு நம்மில் பலருக்குத் தெரியும். ஆனா அந்த 70 சதவீதம் எப்போ கைக்கு வரும், வரும்போது எவ்வளவா வரும்? இன்னிக்குக் கதை அதைப் பத்தித்தான்.

அப்போ ஆப்பிள், விற்பனையைப் பகுதி பகுதியா பிரிச்சு வெச்சிருந்தது. அமெரிக்கா, பிரிட்டன், யூரோ நாடுகள், ஜப்பான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி உண்டியல்னு நினைச்சுக்கோங்க. ஒரு உண்டியல்ல ஏறக்குறைய 250 டாலர் சேர்ந்தாதான் அதை உடைச்சுப் பணம் அனுப்புவாங்க. சேரலைன்னா பணம் காணாமப் போயிடாது. அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவுல தனியா உட்கார்ந்து ஒருத்தர் ஒரு சின்ன கேம் பண்றார்னு வெச்சுக்குவோம். விலை 99 சென்ட், அவர் பங்கு 70 சென்ட். 400 பேர் வாங்கினா 280 டாலர். எல்லையைத் தாண்டியாச்சு, பணம் வந்துடும். பிரிட்டன்ல அதே கேம் 59 பென்ஸ். வரியும் கமிஷனும் போக அவருக்கு 36 பென்ஸ். அங்கே 278 பேர் வாங்கினா சுமார் 100 பவுண்ட். ஜூலை மாசம் அது கிட்டத்தட்ட 200 டாலர். எல்லைக்கு 50 டாலர் குறையுது. அதனால உண்டியல் திறக்காது.

அந்த நேரத்துலதான் உலகப் பொருளாதார நெருக்கடி முத்துச்சு. ஜூலையில 2 டாலருக்குப் பக்கத்துல இருந்த பவுண்ட், டிசம்பர் கடைசியில ஒன்றரை டாலருக்கும் கீழே இறங்கிடுச்சு. அனுப்புற சமயத்து விலையிலதான் பணம் மாத்தப்படும். அதனால, ஒரு காசு கூடச் செலவு பண்ணாமலே அவரோட 100 பவுண்ட் 150 டாலருக்கும் கீழே சுருங்கியாச்சு. காத்திருக்க வெச்ச விதிதான் நாணய இழப்பையும் அவர் தலையில கட்டுச்சு.

பிறகு ஆப்பிள் எல்லையைக் குறைச்சது. எல்லா உண்டியலையும் ஒண்ணாக் கொட்டி, டெவலப்பரோட வங்கி நாணயத்துக்கு மாத்தி, ஒரே தொகையா அனுப்ப ஆரம்பிச்சது.

ஆனா வாசல் முழுசாப் போயிடலை. கூகுள் பிளேயில உள்ளூர் வங்கி வழியா பணம் வர்ற நாடுகள்ல எல்லை 1 டாலர். வயர் டிரான்ஸ்ஃபர்னா 100 டாலர். ஆப்பிள்ல, விற்ற நிதி மாசம் முடிஞ்சு 45 நாளுக்குள்ள பணம் வரும். அதுக்குள்ளயும் நாணய விலை நகரும். அதனால விற்பனை எண்ணிக்கையைப் பார்த்து வருமானத்தைக் கணிக்காதீங்க. பணம் வந்த மாசத்தோட ரிப்போர்ட்ல `Exchange Rate` என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கணக்கு ஏன் இடிக்குதுங்கிறதுக்கு விடை பல நேரம் அங்கேதான் இருக்கும்.