பன் மேல அந்த பளபளப்பு எப்படி வருது? மஞ்சள் கரு, முழு முட்டை, வெள்ளைக் கரு: எதைத் தடவினால் என்ன நிறம்?

பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் பன் பளபளன்னு, தேன் நிறத்தில் இருக்கும். அதே பன்னை வீட்டு ஓவனில் செய்தால், மாவு வாசனையோ சுவையோ குறையாது. ஆனால் மேற்பகுதி மட்டும் வெளிறி, சுண்ணாம்பு பூசியது போல மங்கலாக வரும். மாவில் தவறு இல்லை. ஓவனுக்குள் வைக்கும் முன்பு மேலே தடவும் முட்டைக் கலவையில்தான் வித்தியாசம். இதற்குப் பெயர் 'எக் வாஷ்'.

முட்டையின் எந்தப் பகுதியைத் தடவுகிறோம் என்பதைப் பொறுத்து நிறமும் பளபளப்பும் மாறும். எப்படி என்று பார்க்கலாம்.

பளபளப்பு வேறு, நிறம் வேறு

இரண்டும் ஒன்றாகவே வருவதால் ஒரே விஷயம் என்று தோன்றும். உண்மையில் காரணங்கள் வேறு.

மாவின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடு பள்ளமாக இருக்கும். அதனால் வெளிச்சம் பட்டதும் பல திசைகளில் சிதறி, மங்கலாகத் தெரிகிறது. முட்டையைத் தடவும்போது அந்தப் பள்ளங்கள் நிரம்புகின்றன. சூட்டில் முட்டையின் புரதம் இறுகி, மெல்லிய வழுவழுப்பான படலமாக மாறுகிறது. அதில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்புவதுதான் பளபளப்பு.

பழுப்பு நிறம் வருவதற்குக் காரணம் மெய்லார்ட் வினை. புரதமும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் உண்டாக்குகின்றன. மேற்பரப்பு சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இது வேகம் பிடிக்கும். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் காய்ந்த பிறகுதான் நிறம் ஏறத் தொடங்கும்.

முட்டையின் மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கருவில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர், சுமார் 10 சதவீதம் புரதம்; கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். மஞ்சள் கருவில் தண்ணீர் பாதி அளவுதான். மீதியில் கொழுப்பும் புரதமும் அதிகம்.

ஒரே ட்ரே, எட்டு பன்: வீட்டிலேயே பார்க்கலாம்

இதைப் புரிந்துகொள்ள இரண்டு முட்டை போதும். இனிப்பு பன் மாவை எட்டு உருண்டைகளாக்கி, ஒரே ட்ரேயில் வைத்து நன்றாக உப்ப விடவும். முதல் முட்டையை வெள்ளை, மஞ்சள் என்று பிரித்து, மஞ்சள் கருவில் ஒரு டீஸ்பூன் பால் சேர்த்துக் கலக்கவும். வெள்ளைக் கருவை ஒரு சிட்டிகை உப்புடன் நுரை வராமல் அடிக்கவும். இரண்டாவது முட்டையை முழுதாக உடைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்து அடித்துக்கொள்ளவும்.

இரண்டு பன்னுக்கு எதுவும் தடவ வேண்டாம். மற்ற ஆறில், இரண்டு இரண்டாக ஒவ்வொரு கலவையையும் தடவவும். 190 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில், சுமார் 15 நிமிடம்.

எதுவும் தடவாத பன்: வெளிர் பழுப்பு, பளபளப்பு இல்லை. தொட்டால் உலர்ந்தது போல இருக்கும்.

வெள்ளைக் கரு: பளிச்சென்ற பளபளப்பு, ஆனால் நிறம் குறைவு. மேல்தோல் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும். நிறம் அதிகம் வேண்டாத பிஸ்கட்டுக்கும், மேலே எள் அல்லது சர்க்கரையை ஒட்ட வைப்பதற்கும் இது பொருத்தம்.

மஞ்சள் கரு: முதலில் நிறம் பிடிப்பது இதுதான். தண்ணீர் குறைவு என்பதால் சீக்கிரம் காய்கிறது. செறிவான புரதம் இருப்பதால் பழுப்பு ஆழமாகிறது. பாலில் உள்ள புரதமும் லாக்டோஸ் சர்க்கரையும் அதற்குத் துணை. மஞ்சள் கருவுக்கு இயல்பாகவே உள்ள கரோட்டினாய்டு நிறமியும் சேர்ந்து தங்க நிறத்தைக் கூட்டுகிறது. கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்து இந்த நிறமி மாறும். அதனால் வெளிர் மஞ்சள் கருவும் ஆரஞ்சு நிறக் கருவும் ஒரே மாதிரி நிறம் தராது. கொழுப்பு இருப்பதால் பளபளப்பு கண்ணாடி போல இல்லாமல் பட்டுத் துணி போல மென்மையாக இருக்கும்.

முழு முட்டை: இரண்டுக்கும் நடுவில். பளபளப்பும் நிறமும் அளவாகக் கிடைக்கும். பன், பஃப்ஸ், பிரெட் என்று எதற்கு என்று தெரியாத நேரத்தில் இதையே எடுக்கலாம்.

எங்கே தவறு நடக்குது?

கோடு கோடாகத் தெரிந்தால், கலவை சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். வெள்ளைக் கருவின் கெட்டியான பகுதி பிரஷ்ஷில் இழுபடும். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்து, பத்து நிமிடம் வைத்தால் அது தளர்ந்துவிடும். அப்படியும் கட்டி இருந்தால் டீ வடிகட்டியில் வடிகட்டினால் போதும். மஞ்சள் கருவைப் பால் சேர்க்காமல் தடவினாலும் கெட்டியாக இருந்து கோடு விழும்.

பன்னின் அடியில் ஆம்லெட் போல ஓரம் ஒட்டியிருந்தால், கலவை அதிகமாகி வழிந்திருக்கிறது. பிரஷ்ஷைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். இன்னும் ஆழமான நிறம் வேண்டுமென்றால், முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு கொடுக்கலாம். கனமாக ஒரே பூச்சு வேண்டாம். உப்பிய மாவை அழுத்தினால் காற்று இறங்கிவிடும் என்பதால் மென்மையான பிரஷ் அவசியம்.

பஃப்ஸுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மேல்பக்கம் மட்டும் தடவ வேண்டும். வெட்டிய பக்கவாட்டு ஓரத்தில் முட்டை வழிந்தால், அது வெந்து அடுக்குகளைப் பசை போல ஒட்டிவிடும். அந்தப் பக்கம் மட்டும் எழும்பாமல், பஃப்ஸ் சாய்ந்து வரும்.

நிறம் வந்தாச்சு, வெந்தாச்சா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. மஞ்சள் கரு தடவிய பன் வெளியே பொன்னிறமாகிவிடும். உள்ளே மாவு பச்சையாகவே இருக்கும். மேல் நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால், ஆறியதும் பன் அமுங்கி, நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும். எனவே ஒரு பன்னைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கவும். அடியும் பழுப்பாகியிருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 90 டிகிரி காட்ட வேண்டும். மேலே மட்டும் வேகமாகக் கறுக்கிறது என்றால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாக மூடிவிட்டு வேக வைக்கலாம்.

விற்பவர்களும் வாங்குபவர்களும் கவனிக்க

மாவில் முட்டை சேர்க்காவிட்டாலும், மேலே முட்டை தடவிய பன் சைவம் ஆகாது. இந்திய உணவு லேபிள் விதிகளில் முட்டை அசைவப் பட்டியலில்தான் வருகிறது. முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்த மெல்லிய பூச்சே பிரச்னையாகலாம். வீட்டிலிருந்து ஆர்டர் எடுப்பவர்கள் 'எக்லெஸ்' என்று சொல்லும் முன்பு இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முட்டை வேண்டாம் என்பவர்களுக்குப் பால் தடவலாம். நிறம் ஓரளவு வரும், பளபளப்பு குறையும். முட்டைக் கலவையைத் தொட்ட பிரஷ்ஷை அந்தப் பாலில் தோய்க்கக் கூடாது.

இன்னொன்று: எக் வாஷ் பச்சை முட்டை. ஓவனுக்குள் போகும் முன்பு மட்டுமே தடவ வேண்டும். வெந்து வெளியே வந்த பன்னுக்குப் பளபளப்பு போதவில்லை என்று மீண்டும் தடவக் கூடாது. அந்த நேரத்தில் கொஞ்சம் வெண்ணெய் தடவினால் போதும்.