சலூன் கிஃப்ட் வவுச்சர்: விற்ற பணம் எப்போது வருமானம் ஆகும்?

சந்தாபுராவில் ஒரு சலூன் 2,000 ரூபாய்க்கு கிஃப்ட் வவுச்சர் விற்கிறது என வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வந்தாச்சு. ஆனா அது இன்னும் வருமானம் இல்லை; இனிமேல்தான் சேவை செய்து தீர்க்க வேண்டிய கடன். அதனால் கணக்கில் அதை 'வவுச்சர் பொறுப்பு' என்று தனியாக எழுத வேண்டும்.

விற்கும்போது ஜிஎஸ்டியும் கிடையாது. வவுச்சர் என்பது பொருளும் அல்ல, சேவையும் அல்ல என்று பெங்களூருவைச் சேர்ந்த பிரீமியர் சேல்ஸ் புரமோஷன் நிறுவனத்தின் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 31-இல் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கையும் இதையே சொல்கிறது.

வவுச்சரோடு வருபவர் 1,260 ரூபாய்க்கு சேவை எடுத்தால், அன்றுதான் பில் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு 5% ஜிஎஸ்டி. அதன்படி 1,200 ரூபாய் வருமானம், 60 ரூபாய் வரி. மீதி 740 ரூபாய் பொறுப்பிலேயே நிற்கும்.

காலாவதித் தேதியே இல்லாவிட்டால் இந்தத் தொகை கணக்கில் முடிவில்லாமல் தொங்கும். மூன்று மாதம் என்று வைத்தால் வாடிக்கையாளரோடு சண்டைதான் மிஞ்சும். ஒரு வருடம் நியாயமானது. தேதியை வவுச்சரிலேயே அச்சிடுங்க. தேதி கடந்தும் பயன்படுத்தாத 740 ரூபாயை 'இதர வருமானம்' என்று மாற்றலாம். அதற்கும் ஜிஎஸ்டி இல்லை என்கிறது அதே சுற்றறிக்கை.

ஒவ்வொரு வவுச்சருக்கும் எண் கொடுத்து, விற்ற தேதி, பயன்படுத்திய தொகை, மீதி ஆகியவற்றைப் பதிவு செய்யுங்க. மாதக் கடைசியில் எல்லா மீதியையும் கூட்டினால், பொறுப்புக் கணக்கில் உள்ள தொகை வரணும். வராவிட்டால், யாரோ வவுச்சர் பில்லை ரொக்க விற்பனையாக எழுதியிருக்க வாய்ப்புண்டு.