கொடி ஒரு நாட்டுடையது, பொறுப்பு யாருடையது?: திறந்த கப்பல் பதிவேடுகளும் துறைமுக ஆய்வின் தோற்றமும்

ஒவ்வொரு கப்பலும் ஏதேனும் ஒரு நாட்டின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட வேண்டும். நடுக்கடலில் அந்தக் கப்பலுக்குள் செல்லுபடியாவது கொடி நாட்டின் சட்டம். மாலுமியின் வேலை ஒப்பந்தம், ஓய்வு நேரம், விபத்து விசாரணை, கப்பல் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ் எல்லாம் கொடி நாட்டின் பெயரிலேயே வருகின்றன. உரிமையாளர் கிரேக்கராக, மாலுமிகள் இந்தியராக, சரக்கு பிரேசிலுடையதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. இந்த ஏற்பாட்டில் கொடியும் அதற்குரிய கடமையும் எப்படிப் பிரிந்தன, அந்தக் கடமையின் ஒரு பகுதி எப்படித் துறைமுகங்களின் கைக்கு வந்தது, அதனால் மாலுமிக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1922-ல் 'ரிலையன்ஸ்', 'ரெசல்யூட்' என்ற இரண்டு அமெரிக்கப் பயணிக் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாறின. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு நடப்பில் இருந்தது. அமெரிக்கக் கப்பல்களில் மது பரிமாறக்கூடாது என்று அரசு சொன்னதும், ஐரோப்பியக் கப்பல்களோடு போட்டியிட முடியாத உரிமையாளர்கள் கொடியை மாற்றினார்கள். மது இதில் ஒரு காரணம் மட்டுமே. அமெரிக்கச் சட்டம் கேட்ட கூலியும் பணிநிலையும் பனாமாக் கொடியின் கீழ் கட்டாயமில்லை என்பது அடுத்த சில ஆண்டுகளில் எல்லா உரிமையாளர்களுக்கும் புரிந்தது. 1939-ல் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் போர்ப் பகுதிக்குள் அமெரிக்கக் கப்பல்கள் போவதைத் தடுத்தபோது, பிரிட்டனுக்குச் சரக்கு கொண்டுபோகப் பனாமாக் கொடி மீண்டும் உதவியது.

இரண்டாவது பெரிய பதிவேடு லைபீரியாவுடையது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ் தொடங்கிய நிறுவனத்தின் முயற்சியால் 1948 டிசம்பரில் லைபீரியா தன் கடல்சார் சட்டத்தை இயற்றியது. சட்டம் வரையப்பட்டதும் பதிவேடு நடத்தப்பட்டதும் அமெரிக்காவில்தான். 1949-ல் முதலில் பதிவான 'வேர்ல்ட் பீஸ்' எண்ணெய்க் கப்பல், ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸ் என்ற கிரேக்கருடையது. 1967-ல் லைபீரியாவின் வணிகக் கப்பற்படை பிரிட்டனையே முந்தி உலகில் முதலிடத்துக்கு வந்தது. இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை மன்ரோவியாத் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை. பின்னாளில் லைபீரியா உள்நாட்டுப் போரில் சிதைந்தபோதும், பதிவேடு அமெரிக்காவிலிருந்து தடையின்றி இயங்கியது. அரசு நடக்காத இடத்திலும் கொடி நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கடல் தொழிலாளர் சங்கங்கள் இதைத் தொடக்கத்திலேயே எதிர்த்தன. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு 1948-லேயே இத்தகைய கொடிகளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது; 'வசதிக் கொடி' என்ற பெயரை உலகறியச் செய்தது. 1958 டிசம்பர் தொடக்கத்தில் பல நாடுகளில் நான்கு நாள் புறக்கணிப்பும் நடந்தது. அதே ஆண்டு ஜெனீவாவில் உருவான திறந்த கடல் உடன்படிக்கை, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் இடையே 'உண்மையான தொடர்பு' இருக்க வேண்டும் என்றது. அந்தத் தொடர்பு எது என்று அது சொல்லவில்லை. உரிமையாளர் அந்நாட்டுக்காரராக இருக்க வேண்டுமா, மாலுமிகளா, அலுவலகமா? எல்லாமே திறந்த கேள்வியாக நின்றன.

அதற்கு வந்த விடைகள் தொழிலாளர் பக்கம் சாயவில்லை. 1959-ல், இன்று ஐ.எம்.ஓ. எனப்படும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பாதுகாப்புக் குழுவுக்கு அதிகக் கப்பல் வைத்திருக்கும் எட்டு நாடுகளையாவது சேர்க்க வேண்டியிருந்தது. பதிவு எடையில் லைபீரியா மூன்றாவது, பனாமா எட்டாவது; இரண்டையுமே மற்ற நாடுகள் தேர்ந்தெடுக்கவில்லை. 1960 ஜூன் 8 அன்று சர்வதேச நீதிமன்றம், அக்குழு விதிப்படி அமையவில்லை என்று கருத்துரைத்தது. யார் உண்மையில் கப்பலுக்கு உரிமையாளர் என்று தேட வேண்டியதில்லை, பதிவேட்டில் உள்ள எடையே அளவு என்பது அதன் பொருள். 'சைகா' வழக்கில் 1999-ல் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயமும், உண்மையான தொடர்பு இல்லை என்று சொல்லி ஒரு நாடு இன்னொரு நாட்டின் கொடியை ஏற்க மறுக்க முடியாது என்ற திசையில்தான் தீர்ப்பளித்தது. கொடிக்கும் கப்பலுக்கும் பொருளாதாரத் தொடர்பை வலியுறுத்த 1986-ல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது; அது இன்றுவரை நடைமுறைக்கு வரவேயில்லை. கொடியைத் திருத்தும் வழி இவ்வாறு ஒவ்வொன்றாக அடைபட்டது.

மாற்றம் வேறு வழியாக வந்தது. அது மாலுமிகளின் நிலையிலிருந்து தொடங்கியது என்பது பலரும் கவனிக்காத செய்தி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1976-ஆம் ஆண்டு 147-ஆம் உடன்படிக்கை, தன் துறைமுகத்துக்கு வந்த அயல்நாட்டுக் கப்பலில் பணிநிலை மோசமாக இருந்தால் தலையிட அந்த நாட்டுக்கு இடம் தந்தது. அதை நடைமுறைப்படுத்த 1978-ல் வட கடல் நாடுகள் எட்டு ஹேக் நகரில் ஓர் உடன்பாடு செய்தன. அதே ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி 'அமோகோ காடிஸ்' என்ற லைபீரியக் கொடி எண்ணெய்க் கப்பல் பிரான்ஸின் பிரித்தானிக் கரையோரம் பாறையில் மோதி உடைந்து, இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. மக்கள் கொதித்தார்கள். பணிநிலையை மட்டும் பார்க்கவிருந்த உடன்பாடு பாதுகாப்பையும் மாசையும் சேர்த்து விரிந்தது. 1982 ஜனவரியில் 14 நாடுகளின் கடல்துறைகள் பாரிஸ் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கு டோக்கியோ உடன்பாடும் இந்தியப் பெருங்கடலுக்கு ஓர் உடன்பாடும் 1990-களில் வந்தன.

இந்தத் துறைமுக ஆய்வு முறை கொடியை ஒழிக்கவில்லை, கொடியை எடைபோட்டது. மூன்று ஆண்டுகளில் ஒரு கொடியின் கப்பல்கள் எத்தனை முறை ஆய்வுக்குள்ளாயின, எத்தனை முறை துறைமுகத்தில் நிறுத்தப்பட்டன என்று கணக்கிட்டு, பாரிஸ் உடன்பாடு நீண்டகாலம் கொடிகளை வெள்ளை, சாம்பல், கறுப்பு எனப் பட்டியலிட்டது. கொடியின் தரமும் கப்பலின் வயதும் வகையும், சான்றளிக்கும் நிறுவனத்தின் வரலாறும், முந்தைய குறைகளும் சேர்ந்து அதன் ஆபத்து நிலையை முடிவு செய்கின்றன. நல்ல நிலையில் உள்ள கப்பலுக்கு 24 முதல் 36 மாத இடைவெளியில் ஆய்வு. ஆபத்தானதற்கு 5, 6 மாதத்துக்கு ஒருமுறை. கறுப்புப் பட்டியல் கொடிக் கப்பல் 36 மாதங்களில் இரண்டு முறைக்கு மேல் நிறுத்தப்பட்டால், அந்தத் துறைமுகங்களுக்குள் வரவே தடை இருந்தது. ஆய்வாளர் முதலில் சான்றிதழ்களைப் பார்க்கிறார். சந்தேகத்துக்கு இடமிருந்தால் இயந்திர அறை, உயிர்காப்புப் படகு, உணவறை, ஓய்வு நேரப் பதிவேடு என உள்ளே போகிறார். ஒரு நாள் கப்பல் நின்றாலே உரிமையாளருக்குப் பெரும் நட்டம். அதனால் நல்ல கொடி என்பது பணம் மிச்சப்படுத்தும் கொடியாகவும் ஆனது. லைபீரியா, மார்ஷல் தீவுகள், பஹாமாஸ் போன்ற திறந்த பதிவேடுகள் ஆண்டுக்கணக்கில் வெள்ளைப் பட்டியலில் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு. திறந்த பதிவேடு என்றாலே மோசம் என்பது இன்று முழு உண்மையல்ல. பொறுப்பேற்கும் கொடியா, பெயருக்கு மட்டும் உள்ள கொடியா என்பதே கேள்வி.

இரண்டாவது வகைக்கு 'ரோசஸ்' ஓர் எடுத்துக்காட்டு. கடலோரமே இல்லாத, டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு சிறு துறைமுகம் மட்டும் உள்ள மால்டோவாவின் கொடி அதற்கு. அந்தக் கொடி பாரிஸ் உடன்பாட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தது. 2013 ஜூலையில் ஸ்பெயினின் செவில்லில் குறைகளுக்காகக் கப்பல் நிறுத்திவைக்கப்பட்டது. சில நாட்களில் கிளம்பியது. செப்டம்பரில் ஜார்ஜியாவின் பதூமியில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றி மொசாம்பிக்கை நோக்கிப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய்க் கட்டணத்துக்குப் பணம் சேர்க்க, நவம்பரில் பெய்ரூட்டில் கூடுதல் சரக்கு ஏற்ற முயன்றது. அங்கே ஆய்வாளர்கள், இது கடலில் போகத் தகுதியற்றது என்று தடுத்தார்கள். ஆய்வு தன் வேலையைச் சரியாகச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆய்வின் எல்லையைக் காட்டுகிறது. உரிமையாளராக நடந்துகொண்டவர் கப்பலைக் கைவிட்டார். மற்ற மாலுமிகள் ஊர் திரும்பினாலும் கேப்டனும் மூவரும் சம்பளமில்லாமல், வெடிப்பொருள் மேல், கிட்டத்தட்ட ஓராண்டு அடைபட்டார்கள். கப்பலைக் காக்க ஆள் வேண்டும் என்று துறைமுகம் அவர்களை விடவில்லை. 2014-ல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சரக்கு 12-ஆம் எண் கிடங்குக்குப் போனது. கப்பல் 2018-ல் துறைமுகத்திலேயே மூழ்கியது. 2020 ஆகஸ்ட் 4 அன்று கிடங்கு வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுக ஆய்வு கப்பலை நிறுத்த முடியும். நின்ற கப்பலின் மாலுமிக்குச் சோறும் சம்பளமும் பயணச்சீட்டும் தர அதற்கு அதிகாரமில்லை. அது கொடி நாட்டின், உரிமையாளரின் கடமை. இரண்டுமே அங்கு இல்லை.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடப்பில் இருந்தாலும், கைவிடப்படுவோருக்கான காப்பீட்டு விதி 2017 ஜனவரி 18-ல்தான் வந்தது. அதன்படி இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலோ, ஊர் திரும்பச் செலவு தராவிட்டாலோ, உணவும் எரிபொருளும் இல்லாமல் விட்டாலோ மாலுமி கைவிடப்பட்டவர். காப்பீட்டு நிறுவனம் நேரடியாக நான்கு மாதச் சம்பளம் வரை, உணவு, நீர், ஊர் திரும்பும் செலவு ஆகியவற்றைத் தர வேண்டும். இந்தச் சான்றிதழ் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். உடன்படிக்கையை ஏற்காத நாட்டின் கொடியானாலும், ஏற்ற நாட்டின் துறைமுகத்தில் சலுகை கிடையாது. நான்கு மாதத்துக்கு மேலான பாக்கிக்கு நீதிமன்றம் வழியாகக் கப்பலைப் பிடித்து விற்பதே வழி. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டம் அந்த விற்பனைப் பணத்தில் மாலுமியின் கூலிக்கு முன்னுரிமை தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு.

ஆனால் காப்பீடு இல்லாத கப்பலுக்கு இந்த விதி வெறும் காகிதம். தடைகளைத் தாண்டி எண்ணெய் கடத்தும் பழைய கப்பல்கள் அண்மை ஆண்டுகளில் கொடியை அடிக்கடி மாற்றுகின்றன. சில, அந்த நாடே அறியாத போலிப் பதிவின் கீழ் ஓடுகின்றன. 2024-ல் மட்டும் 300-க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000-க்கும் அதிகமான மாலுமிகள் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்கிட்டது. அவர்களில் இந்தியர்களே அதிகம்.

தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் வேலைக்குப் போகவிருக்கும் இளைஞரிடம் என் வேண்டுகோள் இதுதான்: சம்பளத்தைக் கேட்கும் முன் கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணைக் கேளுங்கள். கப்பலின் பெயரும் கொடியும் மாறலாம், அந்த எண் மாறாது. அதை வைத்து இப்போதைய கொடி எது, முன்பு எத்தனை முறை நிறுத்தப்பட்டது, கைவிடப்பட்டால் பணம் தரும் காப்பீட்டு நிறுவனம் எது என்று பாருங்கள். முகவர் அந்தக் காப்பீட்டுச் சான்றிதழின் நகலைக் காட்ட மறுத்தால், அந்தக் கப்பலில் ஏறாதீர்கள்.