ஒரு பூஜ்யம், ஒரு 978: புத்தக எண்ணின் கதை

என் முதல் வேலையில ஒரு பக். புத்தகக் கடைகள் அனுப்புற பட்டியலை எங்க கேட்லாக்கோட பொருத்தணும். நூற்றுக்கணக்கான புத்தகங்கள் பொருந்தவே இல்லை. பார்த்தா, எல்லாத்துலயும் 10 இலக்கத்துக்குப் பதிலா 9 இலக்கம். எக்செல் அதை எண்ணுன்னு நினைச்சு, முன்னாடி இருந்த பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டிருந்துச்சு.

வேடிக்கை என்னன்னா, அந்தப் பூஜ்யமே பின்னாடி ஒட்டினதுதான். 1960களின் நடுவில் பிரிட்டனின் டபிள்யூ. ஹெச். ஸ்மித் நிறுவனம் தன் கிடங்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் திட்டமிட்டது. அதற்காக கார்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியல் பேராசிரியர் 9 இலக்க எண் முறையை வடிவமைத்தார். 1970ல் அது உலகத் தரமாக, ஐஎஸ்பிஎன் ஆக மாறியபோது 10 இலக்கம் ஆனது. பழைய எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் போதும்.

அடுத்து பார்கோடு வந்தது. கடைப் பொருள்களின் பார்கோடில் 13 இலக்கம். முதல் சில இலக்கங்கள் பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும். புத்தகம் எந்த நாட்டில் வந்தாலும் ஒரே முறையில் இருக்கணுமே? அதனால 'புக்லேண்ட்' என்று ஒரு கற்பனை நாட்டையே உருவாக்கி, 978ஐக் கொடுத்தார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம்: 0306406152. முன்னால் 978 சேர்த்தா 9780306406157. கடைசி இலக்கம் 2லிருந்து 7 ஆயிடுச்சு, கவனிச்சீங்களா? அது சரிபார்ப்பு இலக்கம். பழைய முறை 11ஆல் வகுக்கும், புதிய முறை 10ஆல். சும்மா 978ஐ மட்டும் ஒட்டினா எண் செல்லாது. நடுவில் இருக்கும் 9 இலக்கங்கள்தான் மாறாது.

2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கமே அதிகாரபூர்வமான ஐஎஸ்பிஎன். ஆனால் 1995ல் புத்தக விற்பனையைத் தொடங்கிய அமேசான், பழைய 10 இலக்கத்தையே தன் கேட்லாக் அடையாளமாக, அதாவது ஏஎஸ்ஐஎன் ஆக வைத்திருந்தது. 978ல் தொடங்கும் வரை சிக்கல் இல்லை, கழித்துக் கணக்கிட்டால் பழைய எண் கிடைத்துவிடும்.

978 தீரத் தீர 979 வந்தது. இதுல முன்னொட்டைக் கழிக்கவே கூடாது. கழிச்சா மிஞ்சுற 9 இலக்கம் வேறொரு 978 புத்தகத்தோடதா இருக்கலாம். உங்க லிஸ்டிங் போய் யாரோட பக்கத்துலயோ ஒட்டிக்கும். வாங்குறவருக்கு வேற புத்தகம் போகும். அதனாலதான் 979 புத்தகங்களுக்கு 10 இலக்க எண்ணே கிடையாது. அமேசானில் அவற்றில் பலவற்றுக்கு B என்று தொடங்கும் தனி அடையாளம்.

அந்த பக்கை எப்படிச் சரி பண்ணோம்? 9 இலக்கம் வந்தா முன்னாடி பூஜ்யம் சேர்த்து, சரிபார்ப்பு இலக்கம் ஒத்துப்போகுதான்னு பார்த்தோம். ஒத்துப்போகாததை ஒரு ஆள் புத்தகத்தைக் கையில எடுத்துப் பார்த்தார். அதுக்கப்புறம் ஐஎஸ்பிஎன்னை எண்ணா சேமிக்கறதே இல்லை, எழுத்தாத்தான். அதை வச்சு நாம கூட்டல் கழித்தல் செய்யப் போறதில்லையே, அது ஒரு பெயர்.