வர மறுக்கும் பத்து வயதுச் சிறுவனும் முதல் ஆலோசனை அமர்வும்

குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசனையில் முதல் அமர்வு என்பது ஆலோசகரும் பிள்ளையும் முதன்முறையாகச் சந்திக்கும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பெரியவர்கள் தாங்களாகவே ஆலோசகரைத் தேடி வருவார்கள். பத்து வயதுப் பிள்ளையை யாராவது கூட்டிக்கொண்டு வருவார்கள்; சில சமயம் இழுத்துக்கொண்டும் வருவார்கள். அப்படி வந்த பிள்ளையிடம் முதல் நாளே பிரச்சினையின் வேரைத் தோண்டி எடுப்பது நடக்காது. அடுத்த வாரம் அவன் முனகாமல் திரும்பி வந்தால் அமர்வு வேலை செய்தது என்று பொருள்.

மறுப்பின் காரணங்கள்

ஆலோசனைக்கு வரும் பெரியவரிடம் மூன்று விஷயங்கள் இருக்கும்: தனக்கு ஏதோ சரியில்லை என்ற உணர்வு, உதவி தேட வேண்டும் என்று தானே எடுத்த முடிவு, குணமாக வேண்டும் என்ற விருப்பம். பிள்ளையிடம் பெரும்பாலும் இந்த மூன்றுமே இருப்பதில்லை என்று வியன்னாவின் உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு 1920களிலேயே எழுதினார். சிரமம் பெற்றோருக்கு, முடிவு பெற்றோருடையது, மாற வேண்டியது மட்டும் பிள்ளை. இந்த ஏற்பாட்டில் தனக்கு என்ன இலாபம் என்று அவனுக்குத் தெரியாது.

ரவாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்காம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த வரையில், வகுப்பிலிருந்து பெயர் சொல்லி வெளியே அழைக்கப்படுவது என்றால் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போவதுதான். வீட்டில் கோபத்தில் சொல்லப்பட்ட "பேச்சைக் கேக்கலன்னா டாக்டர்கிட்ட கொண்டு போய் விட்டுடுவேன்" என்ற மிரட்டலும் மனதில் இருக்கும். ஆகவே ஆலோசனை அறைக் கதவைத் திறக்கும்போதே அது ஒரு தண்டனை என்று அவன் முடிவு கட்டியிருப்பான். ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்குப் போய்வர வேண்டியிருந்தால் சனிக்கிழமைப் பந்து விளையாட்டும் பறிபோகிறது. அந்தக் கோபம் நியாயமானது. முதல் அமர்வு அதை ஒப்புக்கொள்வதிலிருந்துதான் தொடங்க முடியும்.

வியன்னாவின் பத்து வயதுப் பையன்

இத்துறையில் பரவலாக அறியப்பட்ட பழைய எடுத்துக்காட்டு, அன்னா பிராய்டு விவரித்த ஒரு பத்து வயதுச் சிறுவன். குழந்தைகளிடம் வேலை செய்யும் முறை பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் 1927இல் ஜெர்மன் மொழியில் நூலாக வந்தன. பயங்கள், பொய், திருட்டு என்று பல சிக்கல்களோடு பெற்றோர் அனுப்பிவைத்த பையன் அவன். அவனுக்கு அங்கே வர எந்த ஆசையும் இல்லை.

அன்னா முதலில் அவனை எதுவும் கேட்கவில்லை. அவன் மனநிலைக்கேற்ப நடந்துகொண்டார். அவன் உற்சாகமாக வந்தால் அவரும் உற்சாகமாக இருந்தார்; சோர்ந்து வந்தால் அவரும் அமைதியானார். ஒரு மணி நேரமும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்க அவன் விரும்பினால், மேசை விரிப்பைத் தூக்கிப் பிடித்து அங்கேயே அவனோடு பேசினார். அவன் பையிலிருந்து நூலை எடுத்து விசித்திர முடிச்சுகள் போட்டுக் காட்டினால், அதைவிடச் சிக்கலான முடிச்சுகளை அவர் போட்டுக் காட்டினார். கடற்கொள்ளையர் கதை, தபால்தலைச் சேகரிப்பு என்று அவன் எதைப் பேசினாலும் பின்தொடர்ந்தார்.

அடுத்த கட்டத்தில் அவனுக்குப் பயன்படும் ஆளாக மாறினார். அவனுடைய கடிதங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அவன் இட்டுக்கட்டிய கதைகளை எழுதிவைத்தார். பிறகு அவனுக்கும் பெற்றோருக்கும் நடுவே நின்றார். திருடிய பணத்தை, வீட்டில் தெரிவதற்கு முன்பே, அவர் வழியாக அவனால் திருப்பி வைக்க முடிந்தது. சுவாரசியமானவர், பயனுள்ளவர், பாதுகாப்பானவர் என்ற மூன்று படிகளும் முடிந்த பிறகே அவனுடைய இரகசியங்களைக் கேட்டார். இதற்கு வாரக்கணக்கில் ஆனது. இன்றைய ஆலோசகர் இந்தப் படிகளில் முதலாவதையும் இரண்டாவதின் தொடக்கத்தையும் மட்டுமே முதல் அமர்வில் எதிர்பார்க்கலாம்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உடனே வந்தது. 1927இல் லண்டனில் நடந்த விவாதத்தில் இன்னொரு குழந்தை உளப்பகுப்பாய்வாளரான மெலனி க்ளைன் இதைக் கடுமையாக மறுத்தார். பிள்ளையின் அன்பை இப்படிச் சம்பாதித்தால், ஆலோசகர் மேல் அவனுக்கு இருக்கும் கோபமும் அச்சமும் அடியிலேயே தங்கிவிடும். அவற்றை நேரடியாக எடுத்துப் பேசுவதே வழி என்பது அவர் வாதம். அன்னாவும் பின்னாளில் இந்த நீண்ட ஆயத்தக் கட்டத்தைச் சுருக்கிக்கொண்டார். இன்றைய நடைமுறையில் இரண்டின் பங்கும் உண்டு: பிள்ளையின் போக்கில் போக வேண்டும், ஆனால் அவன் கோபத்தைக் காணாததுபோல் இருக்கக்கூடாது.

ஆய்வு சொல்வது

டோரி க்ரீட், பிலிப் கெண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் தொடக்க அமர்வுகளில் ஆலோசகர் நடந்துகொண்ட விதத்தையும், அந்த உறவைப் பிள்ளைகள் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இலக்குகளைச் சேர்ந்து வகுத்து, "நாம் இரண்டு பேரும்" என்ற தோரணையில் வேலை செய்த இடத்தில் மதிப்பு கூடியது. பேசச் சொல்லி நெருக்கிய இடத்தில் குறைந்தது. எதிர்பாராத முடிவு ஒன்றும் உண்டு: "எனக்கும் அதுதான் பிடிக்கும்" என்று பொதுவான விருப்பங்களைத் தேடிப் பிடிக்கும் முயற்சியும் தொடக்கத்தில் உறவைக் குறைத்தே காட்டியது.

இது அன்னாவின் முறைக்கு முரண் அல்ல. முடிச்சுப் போடுவதில் அவருக்கு உண்மையான திறமை இருந்தது. ஆலோசகர் ரோப்ளாக்ஸ் ஆடியதே இல்லை என்றால், "எனக்கும் ரோப்ளாக்ஸ் பிடிக்கும்" என்பதைப் பத்து வயதுப் பிள்ளை இரண்டே கேள்விகளில் அம்பலப்படுத்திவிடுவான். "எனக்குத் தெரியாது, அதுல எப்படி ஜெயிக்கறது?" என்று கேட்பது பொய்யும் அல்ல, பிள்ளையை அறிந்தவன் இடத்தில் உட்கார வைக்கிறது.

ஓர் அமர்வின் போக்கு

ரவாங்கைச் சேர்ந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். வகுப்பில் சண்டை, வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று அம்மா கூட்டி வருகிறார்.

வேலை முதல் நாளுக்கு முன்பே தொடங்குகிறது. புகார்ப் பட்டியலை அம்மாவிடம் தொலைபேசியில் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அறையில் பிள்ளையின் முன்னால் அது வாசிக்கப்பட்டால் ஆலோசகர் அம்மாவின் ஆள் என்றாகிவிடும். அன்று மூவரும் சேர்ந்து இருப்பது ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அதில் ஆலோசகர் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சுருக்கமாகச் சொல்கிறார்: "தம்பி, ஸ்கூல்ல கொஞ்ச நாளா கஷ்டமா இருக்குன்னு அம்மா சொன்னாங்க. உனக்கு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க வர உனக்கு இஷ்டமில்லைன்னு நினைக்கறேன். இன்னைக்கு வேற என்ன செஞ்சிருப்ப?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வரும், ஏனென்றால் அதில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "ஃபுட்பால்" என்று ஒரே சொல்லில் வந்தாலும் போதும்.

அம்மா வெளியே போனதும் நாற்காலிகள் நேருக்கு நேர் இருக்கக்கூடாது. மேசையின் ஒரு மூலையில் பக்கவாட்டாக உட்கார்ந்தால் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது. மேசையில் இரண்டு மூன்று பொருள்கள் போதும்: காகிதம், பென்சில், ஒரு சீட்டுக்கட்டு. பத்து வயதுப் பிள்ளைக்குச் சின்னப் பிள்ளைகளின் பொம்மைகளை நீட்டினால் அவமானமாகிவிடும்.

இங்கே பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட்டின் கிறுக்கல் விளையாட்டு கைகொடுக்கும். ஆலோசகர் கண்ணை மூடி ஒரு கோடு கிறுக்குகிறார். பிள்ளை அதை ஏதாவது ஒரு உருவமாக்குகிறான். பிறகு பிள்ளை கிறுக்க, ஆலோசகர் உருவமாக்குகிறார். 1971இல் வெளியான வின்னிகாட்டின் நூலில் முதலாவது எடுத்துக்காட்டு பின்லாந்து மருத்துவமனையில் சந்தித்த, ஒன்பதே முக்கால் வயதுச் சிறுவன். வின்னிகாட்டுக்கு அவன் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசினார். விரல்கள் ஒட்டிப் பிறந்த அந்தச் சிறுவன், ஆரம்பக் கிறுக்கலிலேயே வாத்தின் காலைக் கண்டான். கேட்டிருந்தால் சொல்லத் தயங்கியிருக்கக்கூடியது படத்தில் தானாக வந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசும் மலேசியப் பிள்ளையிடமும் எந்த மொழி என்ற கேள்வியே எழாமல் இதைத் தொடங்கலாம். அவன் வரைந்ததற்கு முதல் நாளே விளக்கம் சொல்லக் கிளம்பக்கூடாது.

இரகசியம் பற்றிய பேச்சு நடுவில், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வரட்டும்: "நீ சொல்றத அம்மாகிட்ட அப்படியே சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உன்ன அடிச்சாலோ, தப்பா தொட்டாலோ, நீயே உனக்கு ஏதாவது செஞ்சுக்க நினைச்சாலோ, அத நான் தனியா வச்சுக்க முடியாது. சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லுவேன்." எல்லாம் இரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது உறவை அடியோடு முறித்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். "ஒரு விஷயத்த நான் அம்மாகிட்ட பேசி மாத்த முடியும்னா, எது?" என்று கேட்டால், "சனிக்கிழமை வேணாம், புதன்கிழமை வைங்க" என்று வரலாம். முடிந்தால் அதைச் செய்து கொடுப்பதுதான் அன்னாவின் இரண்டாம் படி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடம் கேட்க வேண்டும்.

தவறும் இடங்கள்

அமைதியாக இருக்கும் பிள்ளையைவிட எல்லாவற்றுக்கும் "ஆமா டீச்சர்" என்று தலையாட்டும் பிள்ளையிடம்தான் ஆலோசகர் ஏமாறுவார். அவன் சீக்கிரம் வெளியேற வழி தேடுகிறான். ஆலோசகரைத் திருத்துவது, கிண்டல் செய்வது, தானாக ஒரு கேள்வி கேட்பது ஆகியவையே உறவு பிடித்ததன் அறிகுறிகள். "இது வாத்து இல்ல, டைனோசர்" என்பது பணிவான பத்து "ஆமா"க்களைவிட மதிப்புள்ளது.

"தெரியல" என்ற பதில் அடுக்கடுக்காக வந்தால் கேள்விகள் கூடிவிட்டன என்று பொருள். கேள்வியை நிறுத்திக் கையில் இருக்கும் விளையாட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டும். மிட்டாய், பரிசு கொடுத்து இழுப்பதும் சிக்கல்தான், அடுத்த முறை அவன் பரிசுக்காக வருவான். அறைக்குள் வரவே மறுத்தால் வெளியே நாற்காலியில் பத்து நிமிடம் பேசி முடித்துவிடலாம். கையைப் பிடித்து இழுக்கக்கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளையை ஏமாற்றிக் கூட்டி வருவது முதல் அமர்வைத் தொடங்கும் முன்பே கெடுத்துவிடும். முந்தின நாளே நேராகச் சொல்லலாம்: "நாளைக்கு ஒருத்தர்கிட்ட போறோம். ஊசி கிடையாது, பரீட்சை கிடையாது. பேச இஷ்டமில்லன்னா பேச வேணாம். அம்மாவுக்கும் உனக்கும் சண்டை குறையணும்னு நான்தான் கேட்டேன்." வீடு திரும்பும் வழியில் "என்ன பேசின?" என்று விசாரிக்காமல் இருப்பது இன்னும் முக்கியம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி ஆலோசகர்கள் லெம்பாகா கவுன்சலரில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே பதிவைக் கேட்டுச் சரிபார்க்கலாம். பிள்ளை யாராலாவது துன்புறுத்தப்படுகிறான் என்ற சந்தேகம் இருந்தால் அமர்வுக்குக் காத்திருக்காமல் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்க வேண்டும்.