குறுஞ்செய்தி, புஷ் அறிவிப்புப் பிரசாரங்களின் முடிவுகளை வாசித்தல்

வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் கைபேசிக்கு மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளும், செயலிகள் வழியாக அனுப்பும் புஷ் அறிவிப்புகளும் எந்த அளவுக்குப் பலன் தந்தன என்பதைப் பெரும்பாலும் கிளிக் வீதம், விலகல் வீதம், அனுப்பிய நேரம் ஆகிய மூன்றைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். செய்தி போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள் என்பது கிளிக் வீதம். இனி அனுப்ப வேண்டாம் என்று எத்தனை பேர் ஒதுங்கினார்கள் என்பது விலகல் வீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். கிளிக்கை மட்டும் பார்ப்பவர் தவறான நேரத்தையே தேர்ந்தெடுக்கக்கூடும்.

கற்பனையாக ஓர் உதாரணம். ஒரு ஜவுளிக்கடை தன் பட்டியலில் உள்ள 20,000 எண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரே நாளில், ஒரே வாசகத்தை, ஒரு பாதிக்குக் காலை 11 மணிக்கும் மறு பாதிக்கு மாலை 7 மணிக்கும் அனுப்புகிறது. காலையில் 9,400 பேருக்குச் செய்தி சேர்ந்து 282 பேர் இணைப்பைத் தொடுகிறார்கள். 19 பேர் விலகுகிறார்கள். மாலையில் 9,500 பேருக்குச் சேர்ந்து 380 பேர் தொடுகிறார்கள். 57 பேர் விலகுகிறார்கள். கிளிக் வீதம் காலையில் 3%, மாலையில் 4%. விலகல் வீதம் காலையில் 0.2%, மாலையில் 0.6%.

அன்றைய கணக்கில் மாலைதான் முந்துகிறது. ஆனால் விலகியவர் அடுத்த செய்திக்கு இருக்கமாட்டார். இதே வீதங்கள் நீடித்தால், 50 செய்திகளுக்குப் பின் மாலைப் பட்டியலில் 74 சதவீதத்தினரும் காலைப் பட்டியலில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரும் எஞ்சியிருப்பார்கள். ஏறக்குறைய 72ஆவது செய்தியில், ஒரு செய்திக்குக் கிடைக்கும் கிளிக் எண்ணிக்கையில் காலை முந்திவிடும். வாரம் மூன்று செய்தி அனுப்பும் கடைக்கு அது ஆறு மாதத்துக்குள் வந்துவிடுகிற நாள். வருடத்துக்கு நான்கைந்து செய்தி மட்டும் அனுப்பும் கடை மாலையையே தேர்ந்தெடுக்கலாம். எனவே எது நல்ல நேரம் என்பதற்கான விடை, எவ்வளவு அடிக்கடி அனுப்புகிறோம் என்பதையும் பொறுத்தது.

குலுக்கிப் பிரிப்பது இதில் முக்கியம். போன வாரம் காலையில் அனுப்பியதையும் இந்த வாரம் மாலையில் அனுப்பியதையும் ஒப்பிட்டால் சம்பள நாள், பண்டிகை, தள்ளுபடி எல்லாம் நேரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு பாதிகளுக்கும் அனுப்பிய நிமிடத்திலிருந்து ஒரே கால அளவை எண்ணுவதும் அவசியம். இரவு 9 மணிக்கு அறிக்கையைத் திறந்தால் காலைச் செய்திக்குப் பத்து மணி நேரமும் மாலைச் செய்திக்கு இரண்டு மணி நேரமும்தான் கிடைத்திருக்கும். பட்டியல் சிறியதாக இருந்தால் வித்தியாசத்தையே நம்ப முடியாது: 500 பேரில் 1% என்பது ஐந்தே பேர்.

கிளிக்கைக் கணக்கிடும்போது அனுப்பிய எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒருவர் மூன்று முறை தொட்டாலும் ஒன்றுதான். முன்னோட்டம் காட்டுவதற்காகச் சில மென்பொருள்கள் இணைப்பைத் தாமே திறந்து பார்ப்பதும் உண்டு. அனுப்பிய சில விநாடிகளுக்குள் கொத்தாக விழுந்து, அதற்குப் பின் தளத்தில் எந்த நடமாட்டமும் இல்லாத கிளிக்குகளைச் சந்தேகிக்க வேண்டும்.

விலகலை எண்ணுவது இன்னும் கடினம். இந்தியாவில் ஒருவர் 1909 வழியாகத் தம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் விளம்பரச் செய்திகளைத் தடுத்துவிட்டால், அது விலகல் பட்டியலில் வராமல், சேராத செய்திகளின் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே சேர்ந்தவர்களின் விகிதம் மாதாமாதம் சரிகிறது என்றால், சேராமைக்கான காரணக் குறியீடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புஷ் அறிவிப்பில் விலகல் ஓசையின்றி நடக்கிறது. பயனர் கைபேசி அமைப்புக்குள் போய் அறிவிப்பை அணைத்தாலும், செயலி அடுத்த முறை திறக்கப்படும் வரை நிறுவனத்துக்கு அது தெரியாமல் போகலாம். செயலியையே நீக்கிவிட்டவர்களைப் பின்னர் அனுப்பும் செய்திகளுக்கு `UNREGISTERED` என்று வரும் பிழைதான் காட்டிக்கொடுக்கும். அதுவும் உடனடியாக வருவதில்லை. அதனால் புஷ் பிரசாரத்தின் விலகல் வீதத்தை மறுநாளே முடிவு கட்டாமல், சில வாரங்கள் கழித்து இரண்டு பாதிகளிலும் அறிவிப்பு இன்னும் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று எண்ணுவதே சரியான முறை.

அனுப்பிய நேரமும் வந்து சேரும் நேரமும் ஒன்றல்ல. அணைத்து வைத்த கைபேசிக்குரிய அறிவிப்பைக் கூகுளின் எஃப்சிஎம் சேவை, வேறு காலவரம்பு குறிப்பிடாவிட்டால், நான்கு வாரம் வரை வைத்திருந்து கொடுக்கும். மாலை 7 மணித் தள்ளுபடியை மறுநாள் காலையில் பார்ப்பவர் அதைத் தொட மாட்டார். எரிச்சலில் அறிவிப்பையே அணைக்கவும் கூடும். சில மணி நேரச் சலுகைக்கு `ttl` மதிப்பைச் சில மணி நேரமாகவே வைத்தால், நேர ஒப்பீடும் தெளிவாகும்.