தூரத்து மலை ஏன் நீலமாகிறது?

மழை விட்ட காலையில் தித்திவங்சா மலைத்தொடரைப் பாருங்கள். அருகிலுள்ள செம்பனை கரும்பச்சையாக இருக்கும். அதற்கப்பால் உள்ள குன்று நீலம் கலந்த பச்சை. கடைசி மலையோ வானத்தோடு கரையும் வெளிர்நீலம். இத்தனைக்கும் அங்கே இருப்பதும் பச்சைக் காடுதான்.

இடையிலுள்ள காற்று வெயிலைச் சிதறடிக்கிறது, அதிலும் நீல ஒளியை அதிகமாக. அந்த ஒளி மலைக்கு முன்னால் மெல்லிய திரைபோல் விழுகிறது. முதலில் மறைவது நிழலின் கருமை. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, பக்கத்து மரத்தின் நிழலையும் தூரத்து மலையின் நிழலையும் மாறிமாறிப் பாருங்கள். மலைநிழல் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

வரையும்போது பலர் பச்சையில் வெள்ளையை மட்டும் கலக்கிறார்கள். மலை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். வானத்துக்குக் கலந்த நிறத்தையே எடுத்து, தள்ளிப் போகும் ஒவ்வொரு மலை வரிசைக்கும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால்தான் தூரம் தெரியும். மரங்களின் விவரமும் கூடவே குறைய வேண்டும்.

புகைமூட்ட நாட்களில் இந்த நீலத்தைத் தேடாதீர்கள். புகைத்துகள் காற்றணுவைவிட மிகப் பெரியது. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றாகவே சிதறடிக்கும். அன்று எல்லாம் சாம்பல் வெள்ளைதான். பக்கத்துக் குன்றே கடைசி மலைபோல் மங்கிக் கிடக்கும்.